காலர் மைக்கில் ‘உஸ்ஸ்’ இரைச்சல்: எங்கே பிடிப்பது?

வணக்கம் மக்களே. வயர்லெஸ் காலர் மைக்கைப் போனில் மாட்டிப் பேசினால், பேச்சுக்கு அடியில் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் வருகிறதா? மைக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் போன் இந்த மைக்கில்தான் பதிவு செய்கிறதா? ரெக்கார்ட் போட்டுவிட்டு, சட்டையில் இருக்கும் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடியில் இருக்கும் மைக் துளையைச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்டால், எந்தச் சுரண்டல் காதருகே கேட்கிறதோ அதுதான் வேலை செய்யும் மைக். போனுடையதுதான் கேட்கிறது என்றால் பிளக்கைப் பாருங்கள். இதோ, என் கையில் இரண்டு ஒயர். இதில் இரண்டு கறுப்பு வளையம், கேமராவுக்கானது. இதில் மூன்று கறுப்பு வளையம், போனுக்கானது. இரண்டு வளையத்தைப் போனில் செருகினால், வெறும் ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். டைப்-சி ரிசீவர் என்றால் சில போன்களில் செட்டிங்கில் போய் OTG-ஐ ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அது தானாக ஆஃப் ஆவதும் உண்டு. சில கேமரா ஆப்கள் வெளி மைக்கைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படியானால் Open Camera என்ற ஆப்பில் `Audio source` என்ற இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சரி, இப்போது இரைச்சல். பேசிக்கொண்டே சட்டையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை மியூட் செய்கிறேன், சில நொடி அப்படியே விடுகிறேன்... கேட்டீர்களா? குரல் போய்விட்டது, ‘உஸ்ஸ்’ மட்டும் நிற்கிறது. இன்னும் சொல்லப்போனால், நான் வாயை மூடியதும் மெல்ல மேலே ஏறியது. பேசத் தொடங்கியதும் அமுங்கியது. இந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம். உள்ளே வரும் குரல் சன்னமாக இருந்தால் போன் தானாகவே சத்தத்தைத் தூக்கிவிடும். தூக்கும்போது தன் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் சேர்த்தேதான் தூக்கும்.

ஆகவே போனுக்குத் தூக்குகிற வேலையே வைக்கக் கூடாது. ரிசீவரின் அவுட்புட் அளவு பெரும்பாலும் மூன்று நிலையில் இருக்கும். இது இப்போது கடைசி நிலையில், ‘குறைவு’ என்பதில் இருக்கிறது. ஒரு படி ஏற்றுகிறேன். வழக்கமாகப் பேசும் குரலிலேயே பேசுகிறேன். இன்னொரு படி. இப்போது சிரித்தால்... ஹஹா, உடைகிறது பாருங்கள், கரகரவென்று. அப்படியானால் ஒரு படி கீழே, நடுவில்தான் இதற்கு இடம். ஆப்பில் அளவு காட்டும் பட்டை இருந்தால், சாதாரணப் பேச்சின் உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். தானாகத் தூக்குவதை ஆப்பில் நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் வாக்கு டைப்-சி ரிசீவருக்குத்தான். ஒலி டிஜிட்டலாகவே போனுக்குள் போவதால் போனின் மைக் ஆம்ப்ளிஃபயருக்கு அங்கே வேலை இல்லை.

மியூட் செய்ததும் இரைச்சலும் சேர்ந்து போய்விட்டால் கதை வேறு. அது அறையின் சத்தம். நம் ஊரில் பெரும்பாலும் ஃபேன், இல்லாவிட்டால் ஏசி. வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசு என்று சொல்ல எனக்கே மனசு வராது. அதனால் மைக்கை நகர்த்துவோம். வயிற்றுப் பக்கம் இரண்டு சாண் தள்ளி மாட்டியதை, வாய்க்கு ஒரு சாண் கீழே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரின் கெயினைக் குறைத்தால் ஃபேனும் சேர்ந்து கீழே போகும்.

‘டப்’, ‘டிக்’ என்று குரல் வெட்டி வெட்டி வந்தால் அது சிக்னல் கோளாறு, இதோடு சேர்க்காதீர்கள். இந்த மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிஜிட்டல் வகை. சிக்னல் தேய்ந்தால் பழைய ரேடியோ மாதிரி இரையாது, நடுவில் அறுந்துபோகும். நாம் திரும்பி நின்றால் நம் உடம்பே குறுக்கே மறைக்கும். மைக் போனைப் பார்த்தபடி இருக்கட்டும், வைஃபை ரவுட்டரைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மைக்கிலேயே இருக்கும் இரைச்சல் குறைப்புப் பட்டனை நான் கடைசியாகத்தான் தொடுவேன். இதோ போட்டுக் காட்டுகிறேன்... ஃபேன் போய்விட்டது, கூடவே என் ‘ஸ’வும் ‘ஷ’வும் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிட்டன. ரோட்டோரம் எடுக்கும் வீடியோவுக்கு இது பரவாயில்லை, சமையல் வீடியோவுக்கு வேண்டாம்.