4 மணிக்கு வந்தது தடை, 2.10க்குப் போட்டது பேஸ்புக் பதிவு: 24 இலட்சம் தப்புமா?

வணக்கம் உறவுகளே! பிற்பகல் 2.10க்கு ஒரு பேஸ்புக் பதிவு, 4 மணிக்கு ஓர் அரசாங்கக் கடிதம். இந்த இரண்டுக்கும் இடையில் 24 இலட்சம் ரூபாய் தொங்குகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஓர் உதாரணம் எடுப்போம். கார்த்திகை மாதம், யாழ்ப்பாணம் முற்றவெளி. சனிக்கிழமை மாலை பெரிய கலைவிழா. வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு, கடும் மழை எச்சரிக்கை காரணமாகத் திறந்தவெளி ஒன்றுகூடல்களை நிறுத்தச் சொல்லி மாவட்டச் செயலகத்திலிருந்து கடிதம் வருகிறது. ஏற்பாட்டாளர் நிகழ்ச்சி இரத்துக் காப்புறுதி எடுத்திருக்கிறார். நம் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ஒரு காரணத்தால் நிகழ்ச்சியை நிறுத்தவே வேண்டிய நிலை வந்தால், திரும்பப் பெற முடியாத செலவை அது தரும். டிக்கெட் விற்கவில்லை, கையில் காசில்லை, அனுமதி எடுக்கவில்லை என்றால் தராது. பின்னணி இவ்வளவுதான்.

இப்போது அந்தப் பேஸ்புக் பதிவுக்கு வருவோம். கடிதம் வருகிறது என்று காதில் விழுந்ததும், குழுவில் ஒரு தம்பி 2.10க்கே "நிகழ்ச்சி பிற்போடப்பட்டது" என்று போட்டுவிட்டார். சனம் அலையக் கூடாதே என்ற நல்ல மனதுதான். ஆனால் காப்புறுதி நிறுவனம் என்ன கேட்கும்? "ஆணை 4 மணிக்கு. நீங்கள் 2.10க்கே நிறுத்திவிட்டீர்கள். அப்படியென்றால் நிறுத்தியது யார்?"

வாகனம் அடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் காப்புறுதிக்குப் போன் எடுக்கிறோம். அவர்கள் ஆள் வந்து படம் எடுக்கும் வரைக்கும் வாகனத்தை அசைக்காமல் நிற்கிறோம். கண்டி வீதியில் பின்னால் எத்தனை ஹோர்ன் அடித்தாலும் நிற்கிறோம்! நிகழ்ச்சியும் அப்படித்தான். அங்கே வாகனம் நின்ற இடம் சாட்சி, இங்கே நேரம் சாட்சி. பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில், நிறுவனத்துக்கு உடனே அறிவிக்காமல், அவர்களுடைய சம்மதம் இல்லாமல் நிகழ்ச்சியை இரத்துச் செய்யக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். சனத்தின் உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் நிறுத்துங்கள், அதில் பேச்சே இல்லை. வெறும் கதை காதில் விழுந்த நிலையில், "அதிகாரிகளின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் போட்டிருந்தால் போதும்.

வாய்மொழியாக நிறுத்தச் சொன்னால்? சொன்னவரின் பதவி, சொன்ன நேரம், சொன்ன வார்த்தைகளை அங்கேயே எழுதிவையுங்கள். எழுத்தில் தரும்படி அன்றைக்கே கேளுங்கள்.

சரி, காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பும் அறிவித்தல் கடிதம். நீளமே வேண்டாம். இதைத் திரையில் நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

"எமது பத்திர இலக்கம் இது. இன்று மாலை 4.00 மணிக்குக் கிடைத்த, இணைக்கப்பட்டுள்ள ஆணையின்படி சனிக்கிழமை நிகழ்ச்சியை நடத்த முடியாதுள்ளது. இதனால் இழப்பு ஏற்படக்கூடும். தொகை பின்னர் அறிவிக்கப்படும். செலவைக் குறைக்க எடுக்கவேண்டிய நடவடிக்கைகள் குறித்து உங்கள் அறிவுறுத்தலை எதிர்பார்க்கிறோம்."

இதில் இல்லாத ஒன்றைக் கவனித்தீர்களா? காரணத்தைப் பற்றி எங்களுடைய ஊகம் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆணை வந்ததால் நட்டஈடு கிடைத்துவிடாது. நிறுவனம் ஆணைக்குப் பின்னால் உள்ள காரணத்தைத் தேடும். எங்கள் உதாரணத்தில் அது மழை. திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்குப் பல பத்திரங்களில், மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்த்தால்தான் மழைக்குக் காப்பு உண்டு. தொற்றுநோயும் கலவரமும் அதேபோலப் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஆணைக் கடிதத்தில் "பாதுகாப்புக் காரணங்களால்" என்று மட்டும் இருந்தால், அது புயலா, மிரட்டலா, ஒலிபெருக்கி அனுமதிச் சிக்கலா என்று அதிகாரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களாக ஒன்றை எழுதி அது தவறாகப் போனால், பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு.

இனி கணக்கு. மழைக்காப்பு இருந்தது என்று வைப்போம். மொத்தச் செலவுத் திட்டம் 60 இலட்சம். கட்டியதும் கட்டியே ஆகவேண்டியதும் 44 இலட்சம். மேடைக்காரரிடமும் விமானச்சீட்டிலும் திரும்பியது 10 இலட்சம். மிச்சம் 34 இலட்சம். ஆனால் கட்டணத்தை மிச்சம்பிடிக்க 45 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி எடுத்திருந்தார்கள். அது 60இல் முக்கால் பங்கு. குறைத்து எடுத்தால் இழப்பையும் அதே பங்கில்தான் தருவோம் என்று பத்திரத்தில் இருந்தால், இழப்பிலும் முக்கால்தான் கிடைக்கும்: 25.5 இலட்சம். தாங்களே ஏற்கவேண்டிய 1.5 இலட்சத்தைக் கழித்தால் 24 இலட்சம்.

அந்த 10 இலட்சத்தைத் திரும்பப் பெற்றதையும் பதிவாக வையுங்கள். இழப்பைக் குறைக்க முயலவில்லை என்றால் அதற்கும் வெட்டுவார்கள். வியாழக்கிழமை வரையிலான டிக்கெட் விற்பனை அறிக்கையையும் இறக்கி வையுங்கள். விற்பனை மந்தம், அதனால்தான் ஆணையைச் சாட்டாகப் பிடித்தார்கள் என்ற சந்தேகம் எழுந்தால், பதில் சொல்லப் போவது அந்த அறிக்கைதான்.

2.10 பதிவு போட்டாகிவிட்டதா? அழிக்காதீர்கள். அழித்தால் சந்தேகம் இன்னும் கூடும். யார் சொல்லி, எந்த அழைப்புக்குப் பிறகு அதைப் போட்டீர்கள் என்பதைத் தொலைபேசி அழைப்பு விபரத்தோடு அறிவித்தல் கடிதத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நிறுவனம் நட்டஈடு தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகும் உடன்பாடு இல்லையென்றால் இலங்கையில் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவோ இசைநிகழ்ச்சியோ இப்படி நின்றிருந்தால், கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.