ஸ்பீக்கரில் போட்டாலும் கூசாத வாழ்த்து

(பிரிந்து வாழும் பெற்றோருக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மணவிலக்கு முடிந்துவிட்டது. குழந்தை ஒரு வீட்டில், நீங்கள் வேறொரு வீட்டில். நாளை குழந்தைக்குப் பிறந்தநாள். என்ன எழுதி அனுப்புவது? நாலைந்து வரிதான். ஆனால் அந்த நாலைந்து வரிக்குள் குற்ற உணர்ச்சியும் போட்டியும் எப்படியோ நுழைந்துவிடுகின்றன. எந்த வழியாக நுழைகின்றன என்று பார்ப்போம்.

முதலில், அந்தச் செய்தி எங்கே போய்ச் சேர்கிறது என்று யோசியுங்கள். 9 வயதுக் குழந்தைக்குச் சொந்தமாக போன் இருக்காது. அம்மாவின் போனுக்கு வரும், இல்லையென்றால் தாத்தாவின் போனுக்கு. பாட்டி அடுப்படியில் நிற்பார், மாமா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குழந்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும். அதாவது உங்கள் வாழ்த்தை வீடு முழுக்கக் கேட்கிறது. கேட்டு முடித்ததும் குழந்தை நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா, பார்க்காமல் விளையாடப் போகிறதா? அனுப்புவதற்கு முன் இந்த ஒரு கேள்வியை வைத்து உங்கள் செய்தியைச் சோதித்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வைக்கும் வரி எதுவாக இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு யாழினி என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். நாளை 9 வயது நிறைகிறது. திருநெல்வேலியில் அம்மாவோடும் பாட்டியோடும் இருக்கிறாள். அப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“என் தங்கமே, பிறந்தநாள் வாழ்த்துகள். இன்னைக்கு உன் பக்கத்துல இல்லாம அப்பா எப்படித் தவிக்கிறேன்னு உனக்குத் தெரியாது. எல்லாம் சூழ்நிலை, அப்பாவை மன்னிச்சுடு. அங்க உனக்கு யாரும் குறை வைக்க மாட்டாங்கன்னு நம்புறேன். அப்பா உனக்குப் பெரிய சைக்கிள் வாங்கி வெச்சிருக்கேன், சீக்கிரம் இங்க வந்துடு. யார் என்ன சொன்னாலும் அப்பாவோட பாசம் மாறாது.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதியவர் உண்மையாகவே தவிக்கிறார். ஆனால் யாழினியின் காதில் இது எப்படி விழுகிறது?

“எப்படித் தவிக்கிறேன்னு உனக்குத் தெரியாது.” இதைக் கேட்ட பிறகு அவள் கேக் வெட்டிச் சிரித்தால், அப்பா அங்கே அழும்போது நாம் இங்கே சிரிக்கிறோமே என்று தோன்றும். “மன்னிச்சுடு” என்றால் குழந்தை என்ன பதில் சொல்லும்? “பரவாயில்லப்பா” என்றுதான் சொல்லும். பிறந்தநாள் அன்று பெரியவருக்கு ஆறுதல் சொல்லும் வேலை குழந்தையின் தலையில் விழுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். ஆனால் அதற்கு வேறொரு நாள், நேரில், எதற்காக என்று குறிப்பாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றோர் பிரிந்ததற்குத் தன் குறும்போ பிடிவாதமோதான் காரணம் என்று சிறு குழந்தைகள் தாமாகவே நினைத்துக்கொள்வதுண்டு. “எல்லாம் சூழ்நிலை” என்ற மொட்டை வரி அந்த நினைப்புக்கு இடம் விட்டு வைக்கிறது.

அடுத்த வரி இன்னும் நுட்பமானது. “குறை வைக்க மாட்டாங்கன்னு நம்புறேன்” என்பது அக்கறை போலத்தான் இருக்கிறது. அம்மாவும் பாட்டியும் அதைக் குற்றச்சாட்டாகத்தான் கேட்பார்கள். “அங்க ஒழுங்கா சாப்பிடுறியா?” என்பதும் இதே ரகம். சைக்கிள் விஷயமும் அப்படியே. அம்மா பட்டுப்பாவாடை எடுத்திருப்பார். அதன் பக்கத்தில் பெரிய சைக்கிள் வந்து நிற்கும்போது குழந்தை இரண்டையும் எடை போட வேண்டியதாகிறது. பரிசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழ்த்துச் செய்தியில் அதை அறிவிக்க வேண்டாம். சைக்கிள் மாதிரி பெரிய பொருளை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நேரில் வரும்போது கொடுங்கள்.

“யார் என்ன சொன்னாலும்” என்ற கடைசி வரிதான் எல்லாவற்றிலும் மோசம். யார் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளை அன்று முழுவதும் யோசிக்கும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. போட்டி வேண்டாம் என்று நினைத்து, “உங்க அம்மா மாதிரி உலகத்துல யாரும் இல்ல, நாம மூணு பேரும் ஒண்ணா இருந்த பிறந்தநாள் ஞாபகம் இருக்கா?” என்று எழுதிவிடுவது. அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர்ந்துவிட மாட்டார்களா என்ற ஆசை இந்தக் குழந்தைகளுக்கு நெடுநாள் இருக்கும். பிறந்தநாள் அன்று அது இன்னும் கூடும். இந்த வரி அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. அம்மாவைப் பற்றி இயல்பாக ஒரே ஒரு வரி போதும். புகழ வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

இப்போது அதே அப்பா திருத்தி எழுதியதைக் கேளுங்கள்:

“யாழு கண்ணு, பிறந்தநாள் வாழ்த்துகள்! இன்னையோட ஒன்பது வயசு. போன மாசம் நீ தொட்டியில போட்ட வெண்டை விதை இப்போ மொக்கு விட்டிருக்கு. ஒண்ணு பூத்திருச்சு, மஞ்சள் பூ, நடுவுல கருஞ்சிவப்பு. இன்னைக்கு அம்மாவோட, பாட்டியோட ஜாலியா இரு. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அப்பா வர்றேன், அம்மாகிட்ட பேசியாச்சு. – அப்பா”

இதில் என்ன இருக்கிறது? பெயரும் வயதும் இருக்கின்றன. அவளோடு மட்டும் தொடர்புடைய செய்தி ஒன்று, அந்த வெண்டைச் செடி, இருக்கிறது. அப்பாவின் வீட்டிலும் தன் கைபட்ட ஒன்று வளர்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. ஆனால் “செடி உன்னைத் தேடுது” என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் செடியும் அவள்மேல் பாரமாகியிருக்கும். பூவின் நிறத்தோடு நிறுத்திக்கொண்டார். இப்படி ஒரு தகவல் கையில் இல்லையென்றால், போன தடவை போனில் பேசும்போது குழந்தை சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா, புது நோட்டுக்கு என்ன அட்டை போட்டாள், ஏதாவது ஒன்று கிடைக்கும். பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பிருந்தே இதைக் குறித்து வைப்பது நல்லது. முந்தின நாள் இரவு உட்கார்ந்து தேடினால் பழைய நினைவுகளும் ஏக்கமும்தான் வரும்.

பிறகு வாக்குறுதி. ஒன்றே ஒன்று, கிழமையும் மணியும் சேர்த்து. “சீக்கிரம்”, “ஒருநாள்” என்பதெல்லாம் குழந்தைக்குக் கணக்கில் வராது. “அம்மாகிட்ட பேசியாச்சு” என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். அம்மாவின் சம்மதம் தேவைப்படும் ஒன்றைக் கேட்காமலே குழந்தையிடம் சொல்லிவிட்டால், அவர் மறுக்க நேரும்போது குழந்தையின் கண்ணில் அவர்தான் கெட்டவர். போட்டி பின்வாசல் வழியாக வருவது இப்படித்தான். நீதிமன்ற உத்தரவில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை என்று சந்திப்பு நாள் எழுதியிருந்தால் அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிறந்தநாளைப் பற்றி உத்தரவில் ஒன்றுமே இல்லையென்றால் பிறகும் கேட்கலாம். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 26-இன்படி, தீர்ப்பு வந்த பிறகும் மனுப் போட்டு, குழந்தைகள் பற்றிய ஏற்பாடுகளை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க முடியும்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தேதிப் பிறந்தநாள் ஒன்று, நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று. பல குடும்பங்களில் இரண்டும் உண்டு. தேதிக்கு ஒரு வீடு, நட்சத்திரத்துக்கு இன்னொரு வீடு என்று பிரித்துக்கொண்டால் ஒரே நாளைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் முன்பே பெரியவர்கள் இருவரும் பேசி முடித்துவிட வேண்டும். சில வருடம் அதே தமிழ் மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வரும், எதைக் கொள்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். “உனக்கு எந்த நாள் வேணும்?” என்று குழந்தையைக் கேட்காதீர்கள். யாரோடு இருக்க ஆசை என்று கேட்பதற்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குத் தெரியாது.

எப்போது அனுப்புவது? இரவு 12 மணிக்கு அனுப்புவது, முதலில் வாழ்த்தியது யார் என்ற பந்தயம். காலையில் எழுந்து, பள்ளிக்குக் கிளம்பும் முன் கிடைத்தால் போதும். போனில் பேசுவதென்றால் மாலையில், கேக் வெட்டும் நேரம் எது என்று கேட்டு, அதைத் தவிர்த்துக் கூப்பிடுங்கள்.

4, 5 வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. அதற்குக் குரல் பதிவுதான் சரி. அரை நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் பதிவு செய்யும்போது மைக் பொத்தானை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டிக்கொண்டால், அனுப்பும் முன் நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம். கேளுங்கள். தொண்டை அடைத்துக்கொண்டது தெரிந்தால் அழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி பேசுங்கள். வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும், உடைந்த குரலைத்தான் குழந்தை முதலில் பிடித்துக்கொள்ளும். எழுத்துச் செய்தியை அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், குரலைத் திருத்த முடியாது. அனுப்பியதை எல்லோருக்குமாக நீக்கினாலும், செய்தி நீக்கப்பட்டது என்ற தடம் அங்கேயே நிற்கும். அப்பா என்ன சொல்லி அழித்தார் என்று வீடே கேட்கும்.

ஸ்டேட்டஸில் குழந்தையின் படத்தைப் போட்டு “என் உயிரே” என்று எழுதுவதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்ப்பது உறவுக்காரர்கள். குழந்தைக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தைக்கு மட்டும் சொல்லுங்கள்.

14 வயதுக்கு மேல் என்றால் இரண்டு வரி போதும், கொஞ்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள். பதிலாக வெறும் கட்டைவிரல் வரலாம், அதுவும் வராமல் போகலாம். “பார்த்தியா? ஏன் பதில் போடல?” என்று பின்னாலேயே கேட்காதீர்கள். நீலக் குறி விழுந்ததா என்று பிள்ளையின் அம்மாவிடம் விசாரிக்கவும் வேண்டாம். போன் வழி அடைபட்டிருந்தால், தொடர்பு கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லாதவரை, தபாலில் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புங்கள். ஆசிரியர் வழியாகவோ தோழி வழியாகவோ கொடுத்தனுப்பாதீர்கள். அது குழந்தையை ரகசியம் காக்க வைத்துவிடும்.

கடைசியாக அந்தச் சனிக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு இரவுப் பயணம், பஸ்ஸோ ரயிலோ தாமதமாகலாம். பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்த நிமிடமே அம்மாவைக் கூப்பிட்டு, எத்தனை மணி ஆகும் என்று சொல்லிவிடுங்கள். பத்தேகால் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். யாழினி ஒன்பது மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள்.