இருமினால் புடைக்கும் கவட்டை வீக்கம்: குடலிறக்கமா, நெறிக்கட்டா?

[திரையில்: நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆணின் இடுப்புப் பகுதியின் கோட்டோவியம். வலது கவட்டையில் சிறிய புடைப்பு.]

வணக்கம். குளிக்கும்போது கை பட்டு, அல்லது உடை மாற்றும்போது கண்ணில் பட்டு, கவட்டையில் ஒரு வீக்கம் இருப்பது தெரிகிறது. உடனே வீட்டில் யாராவது "அது நெறி கட்டியிருக்கும், ரெண்டு நாள்ல வத்திடும்" என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே இடத்தில், அதே அளவில் குடலிறக்கமும், அதாவது ஹெர்னியாவும் வரலாம், அது தானாக வற்றாது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, அந்த வித்தியாசம் எப்போது நம்மை ஏமாற்றும் என்பதுதான் இந்த வீடியோ.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வலிக்கிறதா என்பதல்ல. இந்த வீக்கம் வந்து போகிறதா, இல்லை வந்த இடத்திலேயே எப்போதும் இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி.

[திரையில்: வயிற்றுச் சுவரின் குறுக்குவெட்டு. உள்ளிருந்து வெளியே தள்ளும் அம்புக்குறிகள்.]

வயிற்றுச் சுவர் தசைகளாலும் தசைநார்களாலும் ஆனது. கவட்டைக்குச் சற்று மேலே அதில் இயற்கையாகவே ஒரு சாய்வான பாதை உண்டு, பெரியவர்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். ஆண்களுக்கு, கருவில் இருக்கும்போது வயிற்றுக்குள் உருவாகும் விதைகள் இந்த வழியாகத்தான் விதைப்பைக்கு இறங்குகின்றன, அதன் இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் வாழ்நாள் முழுக்க இதற்குள்தான் போய் வருகின்றன. அதனால் அந்த இடம் மற்ற இடங்களைவிடப் பலவீனமானது, ஆண்களுக்குக் கவட்டைக் குடலிறக்கம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். இருமும்போதும், தும்மும்போதும், கனமானதைத் தூக்கும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சுவர் பலவீனமாக இருந்தால் உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு வளைவோ அந்த வழியே வெளியே பிதுங்குகிறது. படுத்துவிட்டால் அழுத்தம் குறைந்து, பிதுங்கியது திரும்ப உள்ளே போய்விடுகிறது. காலையில் எழுந்ததும் ஒன்றும் இல்லை, மாலையில் புடைத்து நிற்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

நெறிக்கட்டு வேறு கதை. கவட்டையில் நிணநீர்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கால், பாதம், பிட்டம், ஆசனவாயைச் சுற்றிய தோல், வெளிப் பிறப்புறுப்பு, தொப்புளுக்குக் கீழே உள்ள வயிற்றுத் தோல், இங்கெல்லாம் இருந்து வடியும் நிணநீர் இந்தச் சுரப்பிகளுக்கு வந்து சேர்கிறது. கால்விரல் இடுக்கில் ஒரு சேற்றுப்புண் இருந்தாலே போதும், அந்தப் பக்கச் சுரப்பி வீங்கி வலிக்கும். இது வயிற்றுச் சுவருக்கு வெளியே, தோலுக்கு அடியில் இருக்கிறது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒன்றும் இல்லை, அதனால் இருமினாலும் அளவு மாறாது, படுத்தாலும் மறையாது.

[திரையில்: கண்ணாடி முன் நிற்பவர். இரண்டு விரல்கள் வீக்கத்தின் மேல்.]

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? நின்றுகொண்டு பாருங்கள், படுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். முடிந்தால் மாலையில், நாள் முழுக்க நின்று வேலை செய்த பிறகு. இரண்டு விரல்களை வீக்கத்தின் மேல் மெதுவாக வைத்து, தலையைத் திருப்பி நன்றாக ஒரு முறை இருமுங்கள். குடலிறக்கம் என்றால் விரலை உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல ஒரு உந்தல் தெரியும், வீக்கமும் பெரிதாகும். அப்புறம் மல்லாந்து படுத்து, உடம்பைத் தளர்த்தி இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தானாகவோ லேசாகத் தடவும்போதோ அது உள்ளே போனால் குடலிறக்கம்தான் என்ற சந்தேகம் வலுக்கிறது. போகும்போது 'களக்' என்று ஒரு சத்தம் வந்தால் உள்ளே இருந்தது குடலாக இருக்கலாம்.

நெறிக்கட்டு என்றால் விரலுக்கு ஒரு தனி உருண்டை தட்டுப்படும். விளிம்பு தெளிவாக இருக்கும், தோலுக்கு அடியில் இப்படியும் அப்படியும் நகரும். பல நேரம் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும். ஆரோக்கியமான பலருக்கும் ஒரு சென்டிமீட்டருக்குள் சிறிய சுரப்பிகள் எப்போதும் கவட்டையில் கைக்குத் தட்டுப்படும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

இடமும் ஒரு துப்பு தரும். இடுப்பு எலும்பின் முன் முனையையும், கீழே நடுவில் பிறப்புறுப்புக்கு மேல் தட்டுப்படும் எலும்பு மேட்டையும் ஒரு கோட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். கவட்டைக் குடலிறக்கம் அந்தக் கோட்டுக்கு மேலே, உள்பக்கமாக வெளிப்பட்டு, ஆண்களுக்கு விதைப்பையை நோக்கி இறங்கும். நெறிக்கட்டு பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே, தொடையின் மேல்பகுதியில். தோலில் தெரியும் கவட்டை மடிப்பை இந்தக் கோடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உடல் பருமனானவர்களுக்கு அந்த மடிப்பு கோட்டைவிட நன்றாகக் கீழே இருக்கும்.

[திரையில்: 52 வயது ஆண், கிடங்கில் மூட்டை தூக்குகிறார். வலது குதிகாலில் வெடிப்பு.]

இப்போது ஓர் உதாரணம். இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கிடங்கில் சுமை தூக்கும் 52 வயதுக்காரர். வலது குதிகால் வெடிப்பில் சீழ் வைத்து, வலது கவட்டையில் வலியோடு வீக்கம். நெறிக்கட்டு என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், புண் ஆறுகிறது, வலியும் போகிறது. ஆனால் மாலையில் ஏதோ இழுப்பதுபோல ஒரு கனம், மூட்டை தூக்கினால் ஒரு புடைப்பு. ஸ்கேன் எடுக்கிறார்கள், படுக்க வைத்து, காலை நேரத்தில், இருமச் சொல்லாமல். '1.4 சென்டிமீட்டரில் ஒரு நிணநீர்ச் சுரப்பி, வேறொன்றும் இல்லை' என்று அறிக்கை வருகிறது. அறிக்கையில் பொய் இல்லை, சுரப்பி உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஆனால் அவருடைய புடைப்பு அதுவல்ல. அறுவை மருத்துவர் அவரை நிற்க வைத்து இருமச் சொன்னதும், சுரப்பிக்கு மூன்று விரற்கடை மேலே, உள்பக்கமாக வேறொரு வீக்கம் எழும்பி, படுத்ததும் மறைகிறது. குடலிறக்கம். ஸ்கேன் தேவைப்பட்டால் நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். இதை நீங்களே கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அடுத்து அவருக்கு உடனே அறுவை சிகிச்சையா? வலி அதிகம் இல்லாத ஆண்களுக்குக் கண்காணித்துக் காத்திருப்பதும் பாதுகாப்பான வழிதான். வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களில் திடீரென்று குடல் சிக்கிக்கொண்டது மிக அரிது. ஆனால் அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, 10 ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பேர் வலி கூடியதால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். தினமும் மூட்டை தூக்குபவர் என்றால் வசதியான ஒரு நேரத்தில் திட்டமிட்டுச் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. பெல்ட் கட்டினால் புடைப்பை அழுத்திப் பிடிக்கும், ஓட்டையை மூடாது. மாத்திரையும் மூடாது.

[திரையில்: சிவப்புப் பின்னணி. கெட்டியாகி நிற்கும் வீக்கம்.]

இனி முக்கியமான இடம். இருமினால் மாறாது, படுத்தால் போகாது என்றால் நெறிக்கட்டு என்று இதுவரை சொன்னேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் ஆபத்தானது. வெளியே வந்த குடல் அந்தக் குறுகிய வழியில் சிக்கி நெரிபட்டுவிட்டால், அதுவும் இருமலுக்கு அசையாது, படுத்தாலும் போகாது. பரிசோதனையில் அப்படியே நெறிக்கட்டு மாதிரி நடந்துகொள்ளும். வித்தியாசம் பின்கதையில்தான்: நேற்று வரை உள்ளே போய்க்கொண்டிருந்தது இன்று போகவில்லை, கெட்டியாகிவிட்டது, தொட்டால் உயிர் போகும் வலி, வயிறு உப்பி, வாந்தி, வாயுவும் மலமும் போகவில்லை. இது அவசர நிலை. இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரங்களில் அழுக ஆரம்பிக்கலாம். பலமாக அமுக்கி உள்ளே தள்ள முயலாதீர்கள், எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இதில் அதிகம் தவறவிடப்படுவது தொடைக் குடலிறக்கம். இது கோட்டுக்குக் கீழே, நெறிக்கட்டு வரும் அதே இடத்தில் வரும், பெண்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு அதிகம். வழி மிகக் குறுகலானது என்பதால் சீக்கிரம் நெரிபடும், சிறியதாக இருப்பதால் உந்தலும் சரியாகத் தெரியாது. வயதான ஒரு பெண்மணிக்குக் காரணம் தெரியாத வாந்தியும் வயிற்று உப்பசமும் இருந்தால், கவட்டையில் ஒரு சிறு கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் அதைக் கூச்சத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தொடைக் குடலிறக்கம் என்று உறுதியானால் காத்திருக்கச் சொல்வதில்லை, சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்யச் சொல்வார்கள். குழந்தைகளின் கவட்டைக் குடலிறக்கமும் அப்படித்தான்.

இருமினால் புடைத்து, படுத்தால் மறையும் எல்லாமே குடலிறக்கம் என்றும் இல்லை. தொடையின் மேலே நரம்பு சுருண்டு வீங்கினாலும், வெரிகோஸ் என்கிறோமே அதுதான், இதே மாதிரி நடந்துகொள்ளும். அது மிக மென்மையாக இருக்கும், சில சமயம் நீலம் பாரிக்கும், காலிலும் புடைத்த நரம்புகள் தெரியும். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டத்தைப் பார்த்து உறுதி செய்துவிடலாம்.

நெறிக்கட்டு என்று தெரிந்த பிறகும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காலில், பிறப்புறுப்பில், ஆசனவாய்ப் பக்கம் புண் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், பால்வினை நோய்களும் காரணமாகலாம், மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். புண் ஆறினால் சில வாரங்களில் சுரப்பி சுருங்கும். காரணம் எதுவும் இல்லாமல் நான்கு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், கல் போலக் கெட்டியாகி நகராமல் ஒட்டிக்கொண்டால், கூடவே எடை குறைந்து இரவில் உடை நனைய வியர்த்தால், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அப்போது ஊசி போட்டோ, சிறிது வெட்டி எடுத்தோ பரிசோதிப்பார்கள்.

அந்த ஊசிக்கு முன்னால் ஒரு வார்த்தை: கவட்டைக் கட்டியில் ஊசி குத்துவதற்கோ, சீழ்க்கட்டி என்று கீறுவதற்கோ முன்பு, அது குடலிறக்கம் இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உள்ளே இருப்பது குடலாக இருந்தால் அந்த ஊசி குடலைத்தான் குத்தும். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் புடைப்பு உள்ளே போய்விடும் என்றால், வெளியே இருக்கும்போது நின்றபடி ஒரு படமும், படுத்த பிறகு ஒரு படமும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.