ஐசியூவுக்குப் பிறகு சாப்பாடு: மூக்குக் குழாயை எப்போது எடுக்கலாம்?

[திரையில்: வார்டு படுக்கை, மூக்கில் உணவுக் குழாய்]

பல வாரம் ஐசியூவில் இருந்தவர் வார்டுக்கு வந்ததும் வீட்டார் முதலில் கேட்பது, "இந்தக் குழாயை எப்போ எடுப்பீங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அவசரப்பட்டு எடுத்தால், அன்றிலிருந்தே அவருக்குக் கிடைக்கும் உணவு பாதியாகிவிடலாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். எடை 60 கிலோ, மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தவர். தொடைத் தசை கரைந்துபோய், கையைத் தூக்கவே சிரமப்படுகிறார். அவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரியும் 75 கிராம் புரதமும் வேண்டும். வாயால் சாப்பிடுவதோ 600 கலோரி, 25 கிராம் புரதம். நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுகிறது, ருசியும் தெரிவதில்லை. மென்று முடிப்பதற்குள் களைத்துப்போகிறார். இதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டாதீர்கள், பாவம்.

[திரையில்: தொண்டையின் படம்]

சாப்பாட்டைக் கூட்டும் முன் விழுங்குவதைச் சோதிக்க வேண்டும். சுவாசக் குழாய் பல நாள் இருந்த தொண்டையில் உணர்வு மங்கியிருக்கும். அதனால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராமல் போகலாம். இருமவில்லை, அதனால் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமானாலோ கொடுப்பதை நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். எந்தப் பதத்தில் உணவு, தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்பதை விழுங்கும் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார்.

[திரையில்: இரவு 8 முதல் காலை 6 வரை]

சரி, மீதி உணவு? குழாயை வைத்துக்கொண்டே பகலில் வாயாலும் இரவில் குழாய் வழியாகவும் கொடுக்கலாம். ஒரு மில்லிக்கு 1.5 கலோரி உள்ள திரவ உணவை மணிக்கு 60 மில்லி வீதம் பத்து மணி நேரம் விட்டால் 900 கலோரி சேரும். தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். காலை 6 மணிக்கு நிறுத்துவது, காலை உணவுக்குப் பசி எடுக்கத்தான். குறையும் புரதத்தைப் பகலில் ஒரு சத்துப் பானம் ஈடுகட்டும். நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாகக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அதனால் அளவை மருத்துவக் குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

வாயால் சாப்பிடுவது தொடர்ந்து மூன்று நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், அதாவது இவருக்குச் சுமார் 1,100 கலோரி, இரவில் குழாய் வழியாகக் கொடுப்பதைப் பாதியாக்கிப் பார்க்கலாம். அப்போதும் வாயால் போவது குறையவில்லை என்றால் குழாயை எடுக்கலாம்.

[திரையில்: நாற்காலியில் அமர்ந்து சாப்பிடுபவர்]

புரதம் மட்டும் தசையை வளர்க்காது, தசைக்கு வேலையும் வேண்டும். முதல் இலக்கு, படுக்கை ஓரத்தில் உட்காருவது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது, கடைசியில் நடை. பிசியோதெரபி முடிந்து களைத்திருக்கும்போது தட்டை நீட்டாமல், கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உடலில் தேங்கிய நீர் வடியும்போது எடை குறையும், ஆனால் பலம் கூடிக்கொண்டிருக்கும். கைப்பிடி வலுவை வாரம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த அளவும், புரத இலக்கும், உணவின் பதமும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.