ஒரே ஒரு ரிங், உடனே கட்: அந்த மிஸ்டு காலுக்கு என்ன அர்த்தம்?

(திரையில்: ஒரு போனின் அழைப்புப் பட்டியல். ஒரே பெயர், வரிசையாகச் சிவப்பில்.)

வணக்கம். இது என்னுடைய போன். 'அம்மா' என்று இருக்கிற வரிகளை மட்டும் பாருங்கள். திங்கள் இரவு 9:14, செவ்வாய் 9:12, புதன் 9:15. எல்லாமே மிஸ்டு கால். "அடப்பாவி, பெத்த தாய் கூப்பிட்டா எடுக்க மாட்டியா?" என்று கமெண்டில் திட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். எடுத்தால்தான் எங்கள் அம்மாவுக்குக் கோபம் வரும். ஒருமுறை தெரியாமல் எடுத்துவிட்டேன். "ஏன்டா எடுத்த? நான் சும்மா ரிங் விட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த 'சும்மா' என்ற சொல்லுக்குள் இருப்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் ஒரு கேள்வி. ரிங் அடித்தால் ஏன் காசு போவதில்லை?

நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் கம்பெனி எதிர்முனைக் கம்பெனிக்கு, இந்த நம்பருக்கு ஒரு அழைப்பு வருகிறது என்று செய்தி அனுப்பும். 'ஆள் இருக்கிறார், மணி அடிக்கிறது' என்று பதில் வரும். அவர் எடுத்த நொடியில், 'எடுத்துவிட்டார்' என்று இன்னொரு செய்தி வரும். பில் போடுகிற கடிகாரம் ஓட ஆரம்பிப்பது இந்தக் கடைசிச் செய்தியில்தான். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் இலவசம். ஆனால் அந்த இலவசத்துக்குள்ளேயே நிறையத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. யார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பது மூன்றும் எதிராளியின் திரையில் பதிந்துவிட்டன. அனுப்பியவருக்கும், அவன் போன் உயிரோடு இருக்கிறது, டவர் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லாத தந்தி.

வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். இந்தியாவில் செல்போன் வந்தது 1995-இல். நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கு மேல், அதுவும் கூப்பிடுகிறவருக்கும் எடுக்கிறவருக்கும் சேர்த்து. இன்கமிங் இலவசமானது 2003 மே மாதத்தில். அதன் பிறகும் பல ஆண்டுகள் ஒரு நிமிடம்தான் கணக்கு. இரண்டு விநாடி பேசினாலும் முழு நிமிடக் காசு. விநாடிக்கு ஒரு பைசா என்ற திட்டம் வந்தது 2009-இல். "பஸ் ஏறிட்டேன்" என்று சொல்ல இரண்டு விநாடி போதும் எனும்போது, அதற்கு ஒரு நிமிடக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்? அப்படிப் பிறந்ததுதான் "போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு". வரலாறு முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். இதை ஒரு ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து படித்திருக்கிறார். பெயர் ஜோனதன் டோனர். ஆப்பிரிக்காவில் ருவாண்டாவில் சிறு வியாபாரிகளிடமும் கல்லூரி மாணவர்களிடமும் பேசி, 2007-இல் அதை எழுதினார். அங்கே இதற்குப் பெயர் 'பீப்'. அவர் அதை மூன்றாகப் பிரிக்கிறார். ஒன்று, 'திருப்பிக் கூப்பிடு'. இரண்டு, முன்பே பேசி வைத்துக்கொண்ட சங்கேதம், 'வாசலுக்கு வந்துட்டேன், கதவைத் திற' என்பது மாதிரி. மூன்றாவது, எந்த வேலையும் இல்லாத பீப். 'உன்னை நினைச்சேன்', அவ்வளவுதான். எங்கள் அம்மாவின் 9:14 இந்த மூன்றாவது வகை.

அதைவிட ருசியானது அங்கே இருக்கிற எழுதாத சட்டம்: வசதியுள்ளவர்தான் காசு கொடுக்க வேண்டும். மாணவன் வேலை பார்க்கிற அண்ணனுக்கு பீப் விடலாம், அண்ணன் தம்பிக்கு 'திருப்பிக் கூப்பிடு' என்று விட்டால் கேவலம். வியாபாரி வாடிக்கையாளருக்கு விடக்கூடாது. ஒரு பெண்ணின் மனதைப் பிடிக்க நினைக்கிறவன் அவளுக்கு பீப் விட்டால், கையில் காசில்லாதவன் என்று தானே ஊரறியச் சொன்ன மாதிரி. நம்ம ஊரிலும் இதுதானே? முதலாளி டிரைவருக்கு மிஸ்டு கால் விட்டால் டிரைவர் டீக்கடையில் என்ன பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தாலியில் கதை வேறு. அங்கே இதற்கு 'ஸ்குவில்லோ' என்று பெயர். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பஞ்சத்துக்காக மட்டும் அதை விடவில்லை. பிரியத்துக்காகவும் விட்டார்கள். ஒருத்தி ஒரு ஸ்குவில்லோ விடுவாள், அவன் ஒன்றைத் திருப்பி விடுவான். கணக்கு நேர். இங்கே அவன் உண்மையாகவே கூப்பிட்டுப் பேசினால் சப்பென்று ஆகிவிடும். இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிக்கும் முறை இதில்தான் இருக்கிறது.

மிஸ்டு கால் எந்த வகை என்பதை ஒற்றை அழைப்பை வைத்துச் சொல்ல முடியாது. பட்டியலை வைத்துத்தான் சொல்ல முடியும். என் நண்பன் ஒருவனுக்கு அவனுடைய அத்தை தினமும் காலை ஆறு மணி சுமாருக்கு ஒரு ரிங் விடுவார். இவன், பாவம் அத்தைக்குப் பணம் ஏதோ வேண்டும் போல, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துத் தினமும் திருப்பிக் கூப்பிட்டான். அத்தை இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவார். பத்து நாள் கழித்து அவரே கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, நான் வாசத் தெளிச்சிட்டு ஒரு ரிங் விட்டா நீ ஏன் தினமும் கூப்பிட்டுக் காசைக் கரியாக்குற?"

அவன் எங்கே கோட்டை விட்டான்? பட்டியலில் மூன்று விஷயம் கண்முன்னே இருந்தது. தினமும் ஒரே நேரம். ஒரே ஒரு தடவை. இவன் கூப்பிட மறந்த நாளில்கூட இரண்டாவது அழைப்பு வரவில்லை. 'திருப்பிக் கூப்பிடு' என்று கேட்கிறவர் அப்படி இருக்க மாட்டார். ஐந்து நிமிடம் பார்ப்பார், இன்னொன்று விடுவார், பத்து நிமிடத்தில் மூன்றாவது. நேரமும் தாறுமாறாக இருக்கும், ஏனென்றால் வேலை கடிகாரம் பார்த்து வருவதில்லை. ஆகவே வணக்கம் ஒரு முறை வரும், தேவை திரும்பத் திரும்ப வரும். இரவு 9:14 அம்மாவிடமிருந்து மதியம் 3:20-க்கு இரண்டு தடவை வந்தால் நான் மீட்டிங்கை விட்டு எழுந்துவிடுவேன்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை. நீங்களும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுங்கள். அங்கிருந்து மறுபடி எதுவும் வரவில்லை என்றால் அது வணக்கம், உங்கள் பதில் வணக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. உடனே இன்னொன்று வந்தால், ஐயா, கூப்பிட்டுப் பேசுங்கள்.

"ஒரு ரிங் என்றால் சரி, இரண்டு ரிங் என்றால் சரியில்லை" என்று எண்ணிக்கையில் சங்கேதம் வைத்திருக்கிற குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது ஓட்டைச் சங்கேதம். உங்கள் காதில் கேட்கிற 'ட்ரிங் ட்ரிங்' எதிராளியின் போனில் அடிக்கிற மணி அல்ல. அது உங்களுக்காக நெட்வொர்க் தனியாகப் போடுகிற சத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதில்லை. நீங்கள் ஒன்று எண்ணும்போது அங்கே இரண்டு அடித்திருக்கலாம், அடிக்காமலேயும் இருக்கலாம். பெரும்பாலான போன்களின் பட்டியலிலோ எத்தனை ரிங் என்று பதியாது, எத்தனை அழைப்பு என்றுதான் பதியும். போதாக்குறைக்கு காலர் டியூன் வேறு. மாமா முருகன் பாட்டு வைத்திருந்தால் ரிங்கை எப்படி எண்ணுவது? பல்லவியில் ஒன்று, சரணத்தில் இரண்டா? எண்ண வேண்டுமானால் அழைப்புகளை எண்ணுங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை, தவிர்க்க முடியவில்லை. 2019-இல் நம் போன் கம்பெனிகளே இந்த வித்தையில் இறங்கியதாக ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டன. அப்போது, கூப்பிடுகிறவரின் கம்பெனி எடுக்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டும். மணி அடிக்கிற நேரத்தை 25 விநாடியாகச் சுருக்கிவிட்டால் என்ன ஆகும்? போனைத் தேடிப் பையிலிருந்து எடுப்பதற்குள் கட். மிஸ்டு கால். எதிராளி திருப்பிக் கூப்பிடுவார், 6 பைசா இப்போது அந்தப் பக்கத்துக் கம்பெனியின் தலையில். ஒரு கம்பெனி சுருக்க, மற்றவையும் சுருக்க, கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு 2019 நவம்பரில் செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி என்று உத்தரவு போட்டது. நாம்தான் அற்பம் என்று நினைத்திருந்தோம்!

தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்தால் மட்டும் இந்த இலக்கணமெல்லாம் செல்லாது. அது மோசடியாக இருக்கலாம். ஜப்பானில் அதற்கு 'வாங்கிரி' என்று பெயர், ஒரு மணி அடித்து அறுப்பது. ஆவலில் நீங்கள் திருப்பிக் கூப்பிட்டால் அதிகக் கட்டண எண்ணில் மாட்டுவீர்கள். தொடாதீர்கள்.

சரி, கடைசியாக மிக முக்கியமானது: வராத மிஸ்டு கால். தினமும் வருவது ஒருநாள் வரவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான், ஆனால் பதறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காசே இல்லாதவர் மிஸ்டு கால் விடவே முடியாது. ப்ரீபெய்டில் மணி அடிக்க விடுவதற்கு முன்பே சிஸ்டம் கணக்கைப் பார்த்துவிடும். பேசுவதற்கான குறைந்தபட்சக் காசு இல்லையென்றால் அழைப்பு வெளியே போகாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சட்டைப் பையில் பஸ் காசு வைத்திருப்பது போல, ஒன்றிரண்டு ரூபாய் பேலன்ஸை மிஸ்டு காலுக்கென்று தொடாமல் வைத்திருந்தோம். இன்றைக்குப் பேலன்ஸுக்குப் பதில் வேலிடிட்டி. ரீசார்ஜ் முடிந்தால் முதலில் நிற்பது அவுட்கோயிங். இன்கமிங் இன்னும் சில நாள் ஓடும்.

போன மாதம் இரண்டு ராத்திரி 9:14 சும்மா கடந்து போனது. முதல் நாள், தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் 9:30-க்கு நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"என்னம்மா, ரெண்டு நாளா ரிங் விடல?"

"நான் விட்டுக்கிட்டேதான்டா இருக்கேன். எவளோ ஒருத்தி குறுக்க வந்து என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா. உன் போன அவகிட்டயா குடுத்து வச்சிருக்க?"