சாமம் ஒன்றரைக்கு ஒரு கூட்டம்

(கிளிநொச்சியில் பாடசாலைச் சங்கங்களின் செயலாளர்கள் கூடிய ஓர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

இங்கே இருக்கிற சங்கங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கிளைகளோடு சேர்ந்துதான் இயங்குகின்றன. காசு அங்கேயிருந்து வருகிறது, வேலை இங்கே நடக்கிறது, முடிவு சூமில் எடுக்கப்படுகிறது. அந்தச் சூம் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைப் பற்றி மட்டும்தான் இன்று கதைக்கப் போகிறேன். சின்ன விசயம் என்று நினைப்பீர்கள். எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் விலகப் பார்த்ததே இந்தச் சின்ன விசயத்தால்தான்.

எங்கள் நிர்வாகக் குழு நான்கு ஊர்களில் இருக்கிறது: கிளிநொச்சி, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண். எந்த நேரம் வசதி என்று வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தோம். வந்த முடிவு, ரொறன்ரோவில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. குளிர்காலத்தில் அது லண்டனில் இரவு எட்டு மணி, சாப்பிட்டுவிட்டு இருக்கலாம். மெல்பேர்ணில் ஞாயிறு காலை ஏழு, தேத்தண்ணியோடு இருக்கலாம். மூன்று ஊருக்கும் அருமையான நேரம். கிளிநொச்சியில் அது ஞாயிறு சாமம் ஒன்றரை. அதிபர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வீட்டார் எழும்பிவிடுவார்கள் என்று முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து, கட்டடக் கணக்கு வாசிப்பார். மார்கழிப் பனி வேறு. திகதியிலும் குழப்பம். "சனிக்கிழமைக் கூட்டம்" என்றால் எங்களுக்கு அது ஞாயிறு. ஒருமுறை எங்கள் பொருளாளர் சனி சாமமே எழும்பி இருந்தார், ஒரு நாள் முந்தி.

யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. வாக்கெடுப்பின் இயல்பு அது. எத்தனை பேருக்கு வசதி என்று மட்டும்தான் அது எண்ணும். வசதியில்லாதவருக்கு எவ்வளவு வசதியில்லை என்பதை எண்ணாது. இரவு பத்தரைக்கு இருப்பதும் சாமம் ஒன்றரைக்கு எழும்புவதும் அதற்கு ஒன்றுதான். இரணைமடு வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவதைத் தலைமடைக்காரரின் வாக்குக்கு விட்டால் கடைமடை வயல் காயும். அதே கதைதான் இதுவும்.

ஆகவே வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு ஒரு தாளில் அட்டவணை போட்டோம். முதலில் ஒரு விதி: உள்ளூர் நேரம் இரவு பன்னிரண்டிலிருந்து விடிய ஐந்து வரை எந்த ஊருக்கும் கூட்டம் இல்லை. இதில் விலக்கும் இல்லை, முறைவைத்துச் சுற்றுவதும் இல்லை. "எல்லாரும் ஒருமுறை சாமத்தில் எழும்பட்டும், அதுதானே சமம்" என்று ஒருவர் சொன்னார். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நித்திரைத் தூக்கத்தில் காசோலைக்கு ஒப்புதல் சொன்னவர் அடுத்த நாள் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்பார்.

இந்த விதியை வைத்து ஜனவரி மாதத்தைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் தானாகவே கழிந்துவிடும். எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை ஆகும்போது ரொறன்ரோவில் விடிய ஐந்து. எங்களுக்கு ஆறரை ஆகும்போது மெல்பேர்ணில் நள்ளிரவு. கூட்டம் வைக்கப் போதுமான இடைவெளி என்று மிஞ்சுவது இடையில் உள்ள அந்த மூன்று மணித்தியாலம் மட்டுந்தான். அந்த மூன்று மணித்தியாலமும் லண்டனுக்குக் காலை பத்திலிருந்து பகல் ஒரு மணி. நான்கு ஊரிலும் அதே சனிக்கிழமை, ஆகவே திகதிக் குழப்பமும் ஒழிந்தது. சாமத்தில் இருந்த நாங்கள் ஒரேயடியாகப் பின்னேரத்துக்கு வந்துவிட்டோம், லண்டனுக்கும் தொல்லையில்லை. கஷ்டம் இப்போது இரண்டு அந்தத்திலும் இருக்கிற ரொறன்ரோவுக்கும் மெல்பேர்ணுக்கும் மட்டும். முறை மாற்ற வேண்டியது இந்த இரண்டு பேருக்கிடையில்தான்.

அதற்கு ஒரு கொப்பி வைத்து, கஷ்டமான நேரத்துக்குப் புள்ளி போட்டோம். காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை புள்ளி இல்லை. விடிய ஆறு தொடக்கம் ஏழு, இரவு பத்து தொடக்கம் பதினொன்று, இவற்றுக்கு ஒரு புள்ளி. விடிய ஐந்து தொடக்கம் ஆறு, இரவு பதினொன்று தொடக்கம் பன்னிரண்டு, இவற்றுக்கு மூன்று புள்ளி. மூன்று என்பது நாங்களாகப் பேசி வைத்த எண்தான், உங்கள் ஆட்களைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கேட்காமல் மட்டும் வைக்காதீர்கள். வன்னியில் விடிய ஐந்து மணிக்கு எழும்பாத வீடு எது? ஆனால் ஐந்திலிருந்து ஏழு வரை பால் கறக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளை வெளிக்கிடுத்த வேண்டும். விழித்திருக்கிறார் என்பதற்காக அவருக்கு நேரம் இருக்கிறது என்று ஆகாது. கதிர் முற்றுகிற காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலிருப்பவர் சாமம் இரண்டு மணிக்கும் விழித்துத்தான் இருப்பார், அவரைச் சூமில் கூப்பிடுவீர்களா?

எங்கள் கூட்டம் இரண்டு மணித்தியாலம். எங்கள் நேரம் மூன்றரைக்குத் தொடங்கினால் ஜனவரியில் ரொறன்ரோ ஐந்திலிருந்து ஏழு வரை இருக்க வேண்டும், நான்கு புள்ளி. மெல்பேர்ண் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று, ஒரு புள்ளி. நாலரைக்குத் தொடங்கினால் கணக்கு அப்படியே தலைகீழ்: ரொறன்ரோ ஒன்று, மெல்பேர்ண் நான்கு. நடுவில் நாலு மணிக்கு வைத்தால் ஆளுக்கு இரண்டரை. எப்படிப் போட்டாலும் கூட்டுத்தொகை ஐந்து. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் நடுவிலேயே வைக்கலாமே? வைக்கலாம். மாறி மாறி வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு மாதமும் அரைகுறை நித்திரையோடு இரண்டு ஊரும் இருப்பதைவிட, ஒரு மாதம் ஓர் ஊராவது தெளிவாக இருந்து கணக்குப் பார்க்கட்டும். அந்த மாதம் தலைமையையும் அவர்களுக்கே கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய இலாபம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தை ஒரு மணித்தியாலமாக்கி நாலரைக்கு வைத்தால் ரொறன்ரோவுக்கு ஒன்று, மெல்பேர்ணுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. எந்த முறைமாற்றமும் ஐந்தை இரண்டாக்காது. கணக்கறிக்கையை முன்கூட்டியே அனுப்பி, வாசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். எங்கள் சங்கத்தில் நடக்கவில்லை. உங்கள் சங்கத்தில் நடந்தால் நான் வந்து மாலை போடுகிறேன்.

இனி வருடம் முழுவதையும் பார்ப்போம். இலங்கையின் கடிகாரம் நகர்வதில்லை, மற்ற மூன்றும் நகரும். இந்த 2026 இல் ரொறன்ரோ மார்ச் 8 இல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது, லண்டன் மார்ச் 29 இல். மெல்பேர்ண் தெற்கில் இருப்பதால் எதிர்ப்பக்கம்: ஏப்ரல் 5 இல் பின்னுக்கு வந்தது. அதனால் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்ணுக்கும் இடையில் குளிர்காலத்தில் இருந்த பதினாறு மணித்தியாலம், முதலில் பதினைந்தாகி, பிறகு பதினாலாகிறது. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை எங்கள் மூன்றரை ரொறன்ரோவுக்கு ஆறு, மெல்பேர்ணுக்கு இரவு எட்டு. நாலரை என்றால் ஏழும் ஒன்பதும். எதை வைத்தாலும் யாராவது ஒருவருக்கு ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் மூன்றரைதான் நல்லது, ஆளுக்கு ஒவ்வொன்று. உண்மையான கஷ்டம் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை நான்கு மாதம் மட்டுந்தான். நவம்பரும் ஜனவரியும் ரொறன்ரோ எழும்பும், டிசெம்பரும் பெப்ரவரியும் மெல்பேர்ண் விழித்திருக்கும். டிசெம்பரில் அங்கே பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை தொடங்குகிற காலம், பிந்திப் படுப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று மெல்பேர்ண் தங்கச்சிதான் அதைக் கேட்டு எடுத்தார்.

கூட்டத்தை யாருடைய கடிகாரத்தில் பதிவது என்பதில் கவனம் வேண்டும். ரொறன்ரோக்காரர் தன் நாட்காட்டியில் தன் நேரத்துக்குப் பதிந்தால், மார்ச்சில் அவர் கடிகாரம் நகரும்போது எங்கள் மூன்றரை இரண்டரையாகிவிடும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கடிகாரங்கள் ஒவ்வொன்றாக மாறுகிற அந்த மூன்று நான்கு கிழமைக்குள் ஒரு ஊர் மட்டும் சரியாக ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வந்தால் காரணம் இதுதான் என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஆகவே நகராத கடிகாரத்தில் பதியுங்கள். நாட்காட்டியில் நேர வலயம் கேட்கும் இடத்தில் `Asia/Colombo` என்று கொடுத்தால் மற்ற ஊர்களுக்கு அதுவே மாற்றிக் காட்டும். `EST` என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ரொறன்ரோவில் கோடையிலும் பழக்கத்தில் அப்படியே எழுதுவார்கள், அது ஒரு மணித்தியாலம் பிழை. மெல்பேர்ணில் உள்ளவர் அதே எழுத்தைத் தன் ஊர் நேரமாக வாசிப்பார்.

யாருடைய கடிகாரம் என்ற கேள்வி இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் கொழும்பு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002 இல் ஏ9 திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டியவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்பினார்கள். வவுனியாவில் எட்டரைக்கு பஸ் என்றால் "எந்த நேரத்தில் எட்டரை?" என்று கேட்டுத்தான் வெளிக்கிடுவோம். 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பிவந்தது. அந்தப் பத்து வருடத்தைக் கண்டவர்களுக்கு, நேரம் சொன்னால் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

கொப்பி பற்றி இன்னும் ஒன்று. புள்ளியை ஊருக்கு அல்ல, ஆளுக்குப் போடுங்கள். ரொறன்ரோவில் ஏழு பேர் இருந்தால் விடிய ஐந்துக்கு எழும்புவதை அவர்கள் தங்களுக்குள் பங்கிடலாம், இருவர் வந்தால் போதும். மெல்பேர்ணில் ஒருவர்தான் என்றால் ஒவ்வொரு முறையும் அவரேதான். கொப்பியில் அவர் பெயருக்கு நேரே ஏறுகிற எண் அதைக் காட்டும். எங்களிடம் அப்படி ஏறியபோது, கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை அவரிடமிருந்து எடுத்து லண்டனுக்கும் எங்களுக்கும் கொடுத்தோம். ஒரு புள்ளியும் வாங்காத இரண்டு ஊர் சும்மா இருக்கக் கூடாது.

கடைசியாக, அட்டவணையை வருடா வருடம் புதிதாகப் போடுங்கள். நாங்கள் கூடுவது மாதத்தின் இரண்டாம் சனி. இந்த வருடம் மார்ச்சில் அது 14 ஆம் திகதி, ரொறன்ரோ கடிகாரம் மாறிய பிறகு. 2027 இல் இரண்டாம் சனி மார்ச் 13, ரொறன்ரோ மாறுவதோ 14, ஞாயிறு. ஒரு நாள் வித்தியாசத்தில் மார்ச்சும் கஷ்ட மாதமாகி, ரொறன்ரோ மூன்றாவது முறையாக ஐந்து மணிக்கு எழும்ப வேண்டி வரும். அதனால் அந்தக் கூட்டத்தை 20 ஆம் திகதிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்: எங்களுக்கு மூன்றரை, லண்டனுக்குப் பத்து, ரொறன்ரோவுக்கு ஆறு, மெல்பேர்ணுக்கு இரவு ஒன்பது. அட்டவணையின் பிரதி வாசல் மேசையில் இருக்கிறது, தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.