கரையான் மருந்து எத்தனை லிட்டர்? வானத்தை அளந்து கணக்குப் போடுவோம்

[காட்சி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மனை. செம்மண். ஓரத்தில் வெட்டிப்போட்ட மாமரத்தின் அடிக்கட்டை, அதன் பட்டையில் மண் கோடுகள்.]

வணக்கம். இந்த மனை சில வருடங்களுக்கு முன்பு வரை மாந்தோப்பு. மரத்தை வெட்டிவிட்டார்கள், வேர் உள்ளேயே இருக்கிறது. இந்தக் கட்டையைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால் வெள்ளையாகக் கரையான் நெளியும். கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரத்தில் தோப்பு மனையாக மாறும் இடங்களில் இதை நிறையப் பார்க்கிறேன்.

வீட்டுக்காரர் கரையான் மருந்து அடிக்க இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர், "ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும் சார்" என்றார். இன்னொருவர் நான்கு லிட்டருக்கு மேல் வேண்டும் என்றார். இரண்டு பேர் சொன்னதும் ஒரே மருந்து, ஒரே லேபிள். வீடும் ஒன்றுதான். அப்படியென்றால் யார் சொல்வது சரி? டேப்பை எடுத்து அளந்தே பார்த்துவிடலாம்.

[காட்சி: மருந்து பாட்டிலின் லேபிள், அருகிலிருந்து.]

முதலில் ஒரு விஷயம். மண்ணில் எத்தனை லிட்டர் கரைசல் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பரப்பளவு. அந்தக் கரைசலில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்பதைத்தான் லேபிள் சொல்கிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. பாட்டிலிலிருந்து ஆரம்பித்தால் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். அதனால் கரைசலை முதலில் கண்டுபிடிப்போம், பாட்டிலுக்குக் கடைசியில் வருவோம்.

கட்டும்போதே செய்யும் கரையான் தடுப்புக்கு நம் நாட்டில் ஒரு தர நிர்ணயம் இருக்கிறது, ஐ.எஸ். 6313, இரண்டாம் பாகம். அதில் நமக்கு இன்று இரண்டு எண்கள் போதும். கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளத்தைத்தான் வானம் என்கிறோம். அந்த வானத்தின் அடிமட்டத்துக்கும், தரைக்குக் கீழே வரும் நிரப்பு மண்ணின் மேல்மட்டத்துக்கும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். கடைக்கால் சுவரை ஒட்டி நிரப்பும் மண்ணுக்கு, சுவரின் செங்குத்துப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். சதுர அடியில் பேசிப் பழகியவர்கள், 5 லிட்டர் கணக்கைச் சதுர அடிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: வீட்டுக்காரரும் நானும் டேப் பிடித்து அளக்கிறோம்.]

வீடு வெளி அளவில் 12 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது ஏறத்தாழ நாற்பதுக்கு முப்பது. பிளிந்த் பரப்பு 108 சதுர மீட்டர். கருங்கல் கடைக்கால், சுவர் தாங்கும் வீடு. ஒரு பாட்டில் போதும் என்றவர் இந்த 108-ஐ 5-ஆல் பெருக்கி 540 லிட்டர் என்று வைத்துக்கொண்டார். தரைக்கு அடியில் தெளிப்பதற்கு அது போதும்தான். ஆனால் கரையான் தரைக்கு நடுவில் மட்டுமா ஏறுகிறது? கல் கட்டுமானத்தின் பக்கவாட்டில், கலவை விட்ட இடுக்கு வழியாக ஏறி, கதவு நிலையைப் போய்ப் பிடிக்கிறது. அதனால் வானத்தின் நீளம் கணக்கில் வந்தே ஆக வேண்டும்.

வானத்தின் நீளத்தை எடுக்கும்போது ஒவ்வொரு சுவரையும் வெளிமுனையிலிருந்து வெளிமுனைக்கு அளந்து கூட்டினால் மூலைகள் இரண்டு முறை சேர்ந்துவிடும். வானத்தின் நடுக்கோட்டில் அளங்கள். இந்த வீட்டுக்கு வெளிச் சுவர்கள் 41 மீட்டர், உள் சுவர்கள் 19 மீட்டர், மொத்தம் 60 மீட்டர்.

[காட்சி: தோண்டிய வானம். அகலத்தில் டேப், பிறகு பக்கச் சுவரில் ஒரு அடி உயரத்தில் சுண்ணாம்புக் கோடு.]

வானம் இரண்டரை அடி அகலம், அதாவது 0.75 மீட்டர். அடிமட்டத்தோடு, இரண்டு பக்கமும் 300 மில்லிமீட்டர் உயரம் வரை நனைய வேண்டும். ஆக ஒரு மீட்டர் நீள வானத்தில் 0.75, 0.3, இன்னொரு 0.3 சேர்த்து 1.35 சதுர மீட்டர். 60 மீட்டருக்கு 81 சதுர மீட்டர். 5-ஆல் பெருக்கினால் 405 லிட்டர். அடிக் கான்கிரீட் போடுவதற்கு முன்பு இது இறங்க வேண்டும்.

அடுத்தது கல் கட்டி முடித்து மண் தள்ளும் கட்டம். பெரும்பாலும் தவறிப்போவது இதுதான். கல் வேலை முடிந்ததும் மேஸ்திரி ஆட்களை விட்டு மாலையோடு மாலையாக மண்ணைத் தள்ளிவிடுவார். மருந்துக்காரர் மறுநாள் வரும்போது மேலே தெளிக்க மட்டும்தான் இடம் இருக்கும். அதனால் கல் கட்டும் நாளிலேயே மேஸ்திரியிடம், "அண்ணே, மருந்து ஊற்றாமல் மண்ணை மூடிவிடாதீர்கள்" என்று சொல்லிவையுங்கள்.

வானத்தின் ஆழம் 0.9 மீட்டர், அடிக் கான்கிரீட் போக 0.8 மீட்டருக்கு மண் நிரப்புகிறோம். சுவருக்கு இரண்டு பக்கம். 60 பெருக்கல் 0.8 பெருக்கல் 2, மொத்தம் 96 சதுர மீட்டர். 7.5-ஆல் பெருக்கினால் 720 லிட்டர். தரைக்கு அடியில் தெளிப்பதைவிட இது அதிகம், பார்த்தீர்களா? மண்ணை இடித்த பிறகு சுவரை ஒட்டிக் கம்பியால் குத்தி, கரைசல் கல்லை நோக்கி இறங்கும்படி ஊற்ற வேண்டும்.

[காட்சி: பேஸ்மட்டம் வரை எழுந்த சுவர். உள்பக்கம் கம்பியால் குத்திய துளை வரிசை.]

நிலமட்டத்துக்கு மேலே பேஸ்மட்டம் ஒன்றரை அடி, 0.45 மீட்டர். உள்பக்கம் கிராவல் நிரப்புகிறோம். அந்த நிரப்பு சுவரைத் தொடும் இடத்திலும் தடுப்பு அறுந்துவிடக் கூடாது. சுவரின் உள் முகங்களைக் கூட்டினால் 78 மீட்டர், அதாவது 60-இன் இருமடங்கிலிருந்து வெளிச்சுற்று 42 போக மீதி. 78-ஐ 0.45-ஆல் பெருக்கினால் சுமார் 35 சதுர மீட்டர். இதற்கும் அதே 7.5 கணக்கைத்தான் நான் வைக்கிறேன், 263 லிட்டர் வருகிறது.

இப்போது தரை. பிளிந்த் பரப்பு 108, அதில் சுவர் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு அடி அகலத்துக்கு 60 மீட்டர், 18 சதுர மீட்டர் போய்விடும். மீதி 90, அதற்கு 450 லிட்டர். நிரப்பு மண் நன்றாக இடித்து இறுகியிருந்தால், மேலே 50 முதல் 75 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளைகள், 150 மில்லிமீட்டருக்கு ஒன்று போட்டு, அப்புறம் பூவாளியால் ஊற்றுங்கள். துளை இல்லாமல் ஊற்றினால் கரைசல் மேலேயே ஓடித் தாழ்வான மூலையில் குட்டையாக நிற்கும். குட்டை தெரிந்தால் மற்ற இடம் நனையவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, வீடு முடிந்தபின் வெளிச்சுற்று. 42 மீட்டர், 300 மில்லிமீட்டர் ஆழம், 7.5 கணக்கு. 95 லிட்டர்.

[காட்சி: கரும்பலகையில் கூட்டல்.]

```
405 + 720 + 263 + 450 + 95 = 1933 லிட்டர்
```

540 எங்கே, 1933 எங்கே! பிளிந்த் பரப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

[காட்சி: மறுபடியும் லேபிள்.]

இப்போது பாட்டிலுக்கு வருவோம். இந்த வீட்டுக்கு எடுத்தது இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், எஸ்.சி. வகை. கட்டடக் கரையானுக்கு லேபிள் சொல்வது 5 லிட்டர் தண்ணீருக்கு 10.5 மில்லி, அதாவது லிட்டருக்கு 2.1 மில்லி. 1933-ஐ 2.1-ஆல் பெருக்குங்கள். 4059 மில்லி, நாலு லிட்டருக்குச் சற்று மேல். நான்கு லிட்டர் கேட்டவர் வானத்தை அளந்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார். ஒரு பாட்டில் என்றவரின் 540 லிட்டருக்கே 1134 மில்லி வேண்டும், அவர் தன் கணக்குக்கே குறைத்துத்தான் சொன்னார்.

இங்கே சிலர், "0.075 சதவீதக் கரைசல் வேண்டும், மருந்து 30.5 சதவீதம், வகுத்தால் லிட்டருக்கு 2.46 மில்லி வருகிறதே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த 30.5 என்பது எடைக் கணக்கு. இந்த மருந்து தண்ணீரைவிடக் கனமானது, ஒரு லிட்டரில் ஏறத்தாழ 350 கிராம் சரக்கு இருக்கிறது. அதனால் 2.1 மில்லியே போதும். லேபிளில் மில்லி கொடுத்திருந்தால் அதையே எடுங்கள், சதவீதத்தை வைத்து நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

பழைய குளோர்பைரிபாஸ் 20 இ.சி.யில் இதே சதவீதக் குழப்பம் பெரிய தவறாகவே நடந்தது. அதற்கு ஒரு சதவீதக் கரைசல் வேண்டும் என்பதை, நூறு லிட்டருக்கு ஒரு லிட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டிலிலேயே ஐந்தில் ஒரு பங்குதான் சரக்கு. ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். நூறில் கலந்தால் ஐந்தில் ஒரு பங்கு வீரியம்தான் கிடைக்கும். தண்ணீரைப் பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும், கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

[காட்சி: 200 லிட்டர் டிரம், அளவுக் குவளை.]

அப்படியென்றால் வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிரம்மை எண்ணுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றுக்கு 420 மில்லி. வானத்தின் அடிக்கு இரண்டு டிரம் காலியாக வேண்டும், மண் நிரப்புக்கு மூன்றரைக்கு மேல், தரைக்கு இரண்டே கால். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானில் அடிக்கிறார்கள் என்றால், வானத்தின் அடிக்கு மட்டுமே 25 டேங்குக்கு மேல் ஆகும், டேங்குக்கு 34 மில்லி. மூன்று டேங்கில் முடித்துவிட்டுக் கிளம்பினால் மண்ணின் மேல்தோல் மட்டும்தான் நனைந்திருக்கிறது. சீல் உடைக்காத பாட்டிலை மனையிலேயே உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் வாரக் கணக்கில், கடைசிக் கட்டத்துக்கு மாதக் கணக்கில் இடைவெளி வரும். அதனால் மொத்தத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், அன்றைய கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த மண்ணில் 5 லிட்டர் இறங்காது. மருந்து இறங்கிய மண்ணை அப்புறம் பைப்புக்காகத் தோண்டினால் அந்த இடத்தில் தடுப்பு உடைந்துவிடும், அங்கே மட்டும் மறுபடியும் ஊற்ற வேண்டும். பிளம்பரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், குழாய் போட்ட பிறகு தரைக் கட்டத்தை வைத்துக்கொண்டால் ஒரு வேலை மிச்சம்.

[காட்சி: மனையின் பின்பக்கம், பக்கத்து நிலத்துக் கிணறு.]

இந்த மனைக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. அந்தப் பக்கச் சுவரில் கரைசலைச் சிறிது சிறிதாக, மண் உறிஞ்ச உறிஞ்ச ஊற்றினோம், வழிந்து ஓட விடவில்லை. கையுறை போடாமல் குவளையைத் தொட விடவில்லை. டிரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் அடுத்த டிரம் கலக்கவே எடுத்துக்கொண்டோம். வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்த மாமரக் கட்டைகளையும் வேரோடு தோண்டி எடுத்துவிட்டோம். கட்டடத்தின் அடியில் மரம் மக்கிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி மருந்து ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வெளிச்சுற்றுக்கான 95 லிட்டர் இன்னும் பாக்கி. அதற்கு 200 மில்லி மருந்தைப் பாட்டிலோடு பூட்டி வைத்திருக்கிறோம். பூச்சு வேலை முடிந்து, சுற்றிலும் கிடக்கும் கல்லும் பலகையும் அகற்றிய பிறகு ஊற்ற வேண்டும்.